நரிக்குப் பின்னால் ஒரு சுவர்

அக்கா மகள் மதுரையில் வீட்டிலிருந்தபடியே குழந்தைகளுக்கான கார்ட்டூன் படங்கள் செய்கிறாள். அவள் முதலில் அனுப்பிய படம், நமக்கெல்லாம் தெரிந்த பாட்டி வடை சுட்ட கதை. மூன்று நிமிடம். மரமும் காகமும் நரியும் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. மரத்தடியில் நின்ற நரி அண்ணாந்து பார்த்து வாயைத் திறந்தது. அவ்வளவுதான், எனக்கு மரம் மறைந்துவிட்டது. டைல்ஸ் போட்ட தரையும், பூசிய சுவர்களும், தலைக்கு மேல் கான்கிரீட் தளமும் காதுக்குள் வந்து நின்றன. வெட்டவெளியில் நிற்கும் நரி குளியலறைக்குள் இருந்து பேசிக்கொண்டிருந்தது.

போன் செய்து சொன்னேன். "மைக் சரியில்ல மாமா. ரெண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்குனது. நல்லதா ஒண்ணு வாங்கிட்டா சரியாயிடும்" என்றாள்.

"வாங்காதம்மா. இருபதாயிரத்துக்கு வாங்குனா அந்தக் குளியலறை இன்னும் துல்லியமாக் கேக்கும்" என்றேன்.

ஒலித்தொகுப்பு வேலையில் இருப்பவன் என்பதால் இந்தப் பேச்சை நான் அடிக்கடி பேச வேண்டியிருக்கிறது. வீட்டில் பதிவாகும் குரல் கெடுவதில் மைக்கின் பங்கு கொஞ்சம்தான். பெரும்பங்கு அறையுடையது. அதிலும் கார்ட்டூனுக்குப் பேசும்போது அறை செய்கிற கெடுதல் இரட்டிப்பாகிறது. காரணம் எளிது. ஒருவர் தன் அறையில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துப் பேசினால், அறையும் கண்ணுக்குத் தெரிகிறது, அதன் எதிரொலியும் காதில் விழுகிறது. இரண்டும் ஒத்துப்போவதால் யாருக்கும் உறுத்துவதில்லை. வரைந்த காட்டில் நிற்கும் நரிக்கு அப்படி ஒரு அறை கிடையாது. குரலோடு ஒட்டிக்கொண்டு வருகிற எதுவாக இருந்தாலும் பார்ப்பவர்கள் அதைப் படத்துக்குள் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கிணற்றுக்குள் பேசுகிற காட்சியா, குகையா, எதிரொலியைப் பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். ஏற்கெனவே ஏறிவிட்ட எதிரொலியைப் பிரித்தெடுப்பது காப்பியிலிருந்து பாலைப் பிரித்தெடுக்கிற கதை.

இதை முற்றிலும் வேறு விதமாக அணுகிய ஒரு படமும் உண்டு, அதுவும் நரிக்கதைதான். 2009இல் வெளிவந்த 'ஃபென்டாஸ்டிக் மிஸ்டர் ஃபாக்ஸ்' படத்துக்காக இயக்குநர் வெஸ் ஆண்டர்சன், ஜார்ஜ் க்ளூனி, பில் மர்ரே முதலிய நடிகர்களை அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பண்ணைக்கு அழைத்துப்போய், திறந்தவெளியிலும் லாயத்திலும் பரணிலும் பேசவைத்துப் பதிவுசெய்தார். வெளியில் நடக்கும் காட்சிக்கு வெளியிலேயே குரல். வெளியில் சுவர் இல்லை, ஆகவே எதிரொலியும் இல்லை. நம்முடைய மொட்டை மாடியும் ஒலி விஷயத்தில் நல்ல இடம்தான். தெருநாயும், காற்றும், பக்கத்து வீட்டு டிவியும் விட்டுவைத்தால்.

அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். குரல் வாயிலிருந்து எல்லாப் பக்கமும் பரவுகிறது. ஒரு பகுதி நேராக மைக்குக்குப் போகிறது. மற்றதெல்லாம் சுவரிலும் தரையிலும் தளத்திலும் மோதித் திரும்பி, நேர்க்குரலுக்குச் சற்றுப் பின்னால் வந்து சேர்கிறது. ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐந்தடி தூரத்துச் சுவரில் மோதித் திரும்பும் ஒலி, வினாடியில் நூறில் ஒரு பங்குக்குள் வந்துவிடுகிறது. அதைத் தனி எதிரொலியாக நம்மால் பிரித்துக் கேட்க முடியாது. குரல் உப்பி, கலங்கி, தள்ளி நிற்பதாக மட்டும் தோன்றும். நேரில் பேசும்போது இது ஏன் தெரிவதில்லை என்றால், இரண்டு காதும் மூளையும் சேர்ந்து, சுவரிலிருந்து வருவதை ஒதுக்கிவிட்டு எதிரே இருப்பவரின் குரலைப் பொறுக்கிக்கொள்கின்றன. மைக்குக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை, வந்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும்.

எனவே அக்கா மகளிடம் முதலில் கேட்டது, "மைக்குல இருந்து எவ்வளவு தூரத்துல உக்காந்து பேசுற?" மேசைமேல் மைக், அவள் நாற்காலியில். இரண்டடி இருக்கும் என்றாள்.

"ஒரு சாண் தூரத்துக்கு வா."

சும்மா சொல்லவில்லை. இரண்டடி என்பது 60 சென்டிமீட்டர்; ஒரு சாண் சுமார் 20. தூரம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால், மைக்குக்கு நேராக வரும் குரல் கிட்டத்தட்ட 10 டெசிபெல் ஏறுகிறது. சுவரிலிருந்து திரும்பிவரும் ஒலி அறை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிரம்பியிருப்பதால், மைக்கை நகர்த்துவதால் அது ஏறுவதில்லை. இப்போது கெயினை அந்த 10 டெசிபெல்லுக்குக் குறைத்துவிட்டால், குரல் பழைய அளவுக்கே வந்துவிடும். அறை 10 டெசிபெல் கீழே போய்விடும். ஒரு காசு செலவில்லை. இதற்கு ஒரு எல்லை உண்டு. இந்த வகை மைக்கில் நான்கு விரற்கடைக்குள் போனால் அடித்தொனி தூக்கலாகி, எல்லாப் பாத்திரமும் ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி பேசும். வாயைத் திறந்து மூடும் ஈரச் சத்தமெல்லாம் கேட்கும். ஒரு சாண், குறைந்தால் முக்கால் சாண், அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அதே போனில் இன்னொன்றும் வெளிப்பட்டது. அவள் மைக்கின் உச்சந்தலையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். இந்த விலையில் வருகிற உருண்டை வடிவ யு.எஸ்.பி. மைக்குகளில் பலவற்றுக்குக் காது விலாவில் இருக்கிறது. பெரும்பாலும் கம்பெனி பெயர் பொறித்த பக்கம்தான் முன்பக்கம். சந்தேகமிருந்தால், ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, ஒரே குரலில் எண்ணியபடி மைக்கைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கலாம். குரல் எங்கே பளிச்சென்று கேட்கிறதோ அதுதான் முகம். எங்கே மங்கித் தேய்கிறதோ அது முதுகு. இந்த முதுகு நமக்குப் பின்னால் உதவப்போகிறது.

அடுத்தது மெத்தை. மெத்தையையும் திண்டையும் வைத்து அறையின் ஒலியை அடக்கலாம் என்பது இணையத்தில் யாரோ கண்டுபிடித்த உபாயம் இல்லை. 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் புதிய விரிவுரை மண்டபத்தில் பேசியது யாருக்கும் விளங்கவில்லை. சொன்ன சொல் ஐந்தரை வினாடி சுற்றிக்கொண்டே இருந்தது. சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபீன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் தலையில் விழுந்தது. அவர் உதவியாளர்களோடு ராத்திரியில், பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்து இருக்கைத் திண்டுகளைச் சுமந்துவந்து மண்டபத்தில் பரப்புவார். ஆர்கன் குழல் ஒன்றை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஒலி காதுக்கு எட்டாமல் போகும்வரை கடிகாரம் பிடிப்பார். விடிவதற்குள் திண்டுகளையெல்லாம் திருப்பிக் கொண்டுபோய் வைத்தாக வேண்டும். திண்டு கூடக்கூட நேரம் குறைந்தது. எல்லாத் திண்டையும் கொண்டுவந்தபோது ஒரு வினாடியை ஒட்டி வந்துவிட்டது. கட்டட ஒலியியல் என்ற துறையே அந்தத் திண்டுகளிலிருந்துதான் பிறந்தது. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அவருடைய கணக்கை வைத்துக் கட்டியது.

திண்டை மண்டபத்தில் எங்கே வைக்கிறோம் என்பதைவிட எவ்வளவு வைக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று சபீன் கண்டார். பெரிய மண்டபத்துக்கு அது சரி. நம்மிடம் அவ்வளவு மெத்தை இல்லை. பத்தடிக் கன அறையின் ஆறு பக்கமும் சேர்ந்து 600 சதுர அடி. கட்டில் மெத்தை ஒன்று வெறும் 24 சதுர அடி. அதனால் அறையைத் திருத்துகிற ஆசையை விட்டுவிட்டு, மைக்கின் முகம் எதைப் பார்க்கிறதோ அந்த இடத்தை மட்டும் திருத்த வேண்டும்.

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தப்பு செய்கிறார்கள். மைக்குக்குப் பின்னால் இருக்கும் சுவரில் போர்வையைத் தொங்கவிடுகிறார்கள். வாய் அந்தப் பக்கம் பார்ப்பதால் அதுதான் நியாயம் என்று தோன்றும். ஆனால் மைக்கின் முகம் நம்மைப் பார்க்கிறது. நம் தோளுக்கு மேலாக, நமக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் பார்க்கிறது. மைக்குக்குப் பின்னாலிருந்து வருவதை அதன் முதுகு ஓரளவு தள்ளிவிடும். நம் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஆகவே முதல் மெத்தை பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். இரண்டாவது இருந்தால் பிறகு மைக்குக்குப் பின்னால் வைக்கலாம். துணி நிரம்பிய அலமாரி இருந்தால் கதவைத் திறந்துவிட்டு அதற்கு முதுகைக் காட்டி நிற்கலாம். மடித்து அடுக்கிய சேலைகளைவிட ஹேங்கரில் நெருக்கமாகத் தொங்கும் துணி நன்றாக உறிஞ்சும்.

அவள் வீட்டில் நாங்கள் செய்தது இது. கட்டிலில் கிடந்த நான்கு அங்குல இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி, சுவரில் ஒட்டாமல் அரை அடி இடைவெளி விட்டு, இரண்டு நாற்காலியை முட்டுக்கொடுத்து நிறுத்தினோம். இடைவெளி விடுவதில் ஒரு லாபம் இருக்கிறது. சுவரை ஒட்டினாற்போல் காற்று அசைவதில்லை. சற்றுத் தள்ளித்தான் ஒலியோடு சேர்ந்து காற்று முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தைத்தான் பஞ்சு பிடித்து அடக்குகிறது. தள்ளி நிற்கும் மெத்தை, ஒட்டி நிற்கும் மெத்தையைவிடத் தாழ்ந்த தொனிகளையும் பிடிக்கும். கட்டிலின் நான்கு கொசுவலைக் கம்புகளை இந்தப் பக்கம் கொண்டுவந்து கட்டி, தலைக்கு மேலேயும் இரண்டு பக்கமும் ரஜாயை இரட்டையாக மடித்துப் போட்டோம். தரையில் ஜமக்காளம், அதன்மேல் ஒரு பழைய மெத்தைவிரிப்பு. மைக்குக்குப் பின்பக்கம் மட்டும் திறந்தே இருந்தது.

முட்டை அட்டையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அதை முட்டைக்கே விட்டுவிடுங்கள். காகிதக் கூழ் அட்டைக்கு உறிஞ்சும் சக்தி மிகக் குறைவு. ஒரு அங்குல ஃபோம் ஓடுகளும் 'ஸ்', 'ச்' போன்ற கூரிய சத்தங்களைத்தான் தின்னும். குரலின் உடம்பை விட்டுவிடும். பார்க்க ஸ்டூடியோ மாதிரி இருக்கும் என்பது உண்மைதான்.

இதற்கு முன் அவள் தானாகவே ஒரு வழி முயன்றிருந்தாள். கட்டில்மேல் உட்கார்ந்து தலைவழியாகக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, உள்ளே லேப்டாப்பையும் மைக்கையும் வைத்துப் பேசியது. எதிரொலி போயே போய்விட்டது. குரலும் சேர்ந்து போய்விட்டது. பெட்டிக்குள் அடைபட்டவர் மாதிரி, அடித்தொனி மட்டும் மொத்தையாக மிஞ்சியது. ஒரு கம்பளி மேல்தொனிகளைத் தின்றுவிடும். அடித்தொனியை ஒன்றும் செய்யாது. ஒலியின் அலைநீளம்தான் காரணம். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஒரு முழத்துக்கும் குறைவு. 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு மூன்றரை மீட்டர். அவ்வளவு பெரிய அலைக்கு ஒரு கம்பளி இருப்பதே தெரியாது. போதாக்குறைக்கு, குறுகிய இடங்களில் சில அடித்தொனிகள் தாமாகவே முழங்கும். நான்கு அடி அகல மர அலமாரிக்குள்ளோ சந்துக்குள்ளோ நின்றால் 140 ஹெர்ட்ஸ் வாக்கில் முழக்கம் வரும். அது ஆண் குரலின் அடிச்சுருதி புழங்கும் இடம்.

கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பேசப்போகும் இடத்தில் நின்று, வாயை மூடி 'ம்' என்று தாழ்ந்த சுருதியில் தொடங்கி மெதுவாக மேலே ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஏதாவது ஒரு சுருதியில் சத்தம் திடீரென்று பெருத்து மார்பில் அதிர்ந்தால், அந்த இடம் அந்தச் சுருதிக்கு முழங்குகிறது. ஓர் அடி நகர்ந்து மறுபடி. இரண்டு சுவருக்கும் சரிநடுவாக நிற்பதும், மூலையில் முடங்குவதும் பெரும்பாலும் தவறான இடங்களாகவே முடியும். எங்கள் கூடாரம் கம்பளிக்குள் முடங்குவதைவிட நன்றாக இருந்ததற்குக் காரணம் அது பெரியது என்பதும், ஒரு பக்கம் திறந்திருந்தது என்பதும்தான். அடித்தொனி தப்பித்துப்போக வழி இருந்தது.

மேசையையும் வெளியே தள்ளினோம். வாய்க்கும் மைக்குக்கும் ஓர் அடி கீழே மேசைப்பலகை இருந்தால், அதில் பட்டுத் தெறிக்கும் குரல் நேர்க்குரலோடு கலந்து சில தொனிகளை அழித்துவிடும். குரல் டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரி மெலியும். துண்டு விரிப்பது கொஞ்சம் உதவும். மேசையே இல்லாதிருப்பது முழுதாக உதவும். மைக்கை ஸ்டூல்மேல் புத்தகம் அடுக்கி வைத்து, மைக்கின் காலுக்கு அடியில் மடித்த துண்டு கொடுத்து, அவளை நின்றுகொண்டு பேசச் சொன்னேன். வசனத்தைக் காகிதத்தில் வைத்திருந்தால் சலசலக்கும். ஏரோபிளேன் மோடில் போட்ட போனில், கண் உயரத்தில், மைக்குக்குச் சற்று மேலே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினோம்.

மெத்தையால் ஆகாத காரியம் ஒன்று இருக்கிறது. அறைக்குள் உண்டாகும் எதிரொலியை அது அடக்கும்; வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்காது. ஒலியைத் தடுக்கக் கனமும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும், பஞ்சுக்கு இரண்டும் இல்லை. ரஜாயை எத்தனை மடிப்பு போட்டாலும் ஆட்டோ ஹாரன் உள்ளே வரும். அதற்கு மருந்து நேரம்தான். அவள் தெருவில் காலை நாலரையிலிருந்து ஐந்தரை வரை கிடைத்தது. அதற்குப் பிறகு பால்காரர், கோயில் ஒலிபெருக்கி, மோட்டார் போடுகிறவர்கள். மார்கழியில் அந்த ஒரு மணி நேரமும் இல்லை.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் சத்தங்களை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். மின்விசிறி, ஃப்ரிட்ஜ், பழைய ட்யூப்லைட்டின் சோக், இன்வெர்ட்டர். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் சில வீடுகளில் ஓர் 'உம்' நின்றுபோகும். அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அதன் மடங்குகளும். ஃப்ரிட்ஜை அணைத்தவர்கள் அதன்மேல் வீட்டுச் சாவியை வைத்துவிட வேண்டும். வெளியே கிளம்பும்போது ஞாபகம் வரும். இல்லாவிட்டால் சாயங்காலம் மாவு புளித்திருக்கும், அக்கா என்னைத் திட்டுவாள். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் கரண்ட் போன நேரம் போல ஒரு பொன்னான நேரம் கிடையாது. மைக்கின் முதுகை, மிச்சமிருக்கும் சத்தம் வரும் பக்கம், பெரும்பாலும் ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். விசிறியில்லாமல் ரஜாய்க்குள் இருபது நிமிடத்துக்கு மேல் யாராலும் நிற்க முடியாது. அதற்கேற்றபடி வசனத்தைப் பிரித்துக்கொண்டோம்.

இனிப் பேச்சு. சாதாரண வர்ணனைக்கும் கார்ட்டூன் வசனத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம், கார்ட்டூனில் குரல் எம்பிக் குதிக்கும். நரி தேனொழுகக் குழையும். வடை பறிபோன பாட்டி "ஏய்! காக்கா!" என்று தெரு அதிரக் கத்துவாள். நரியின் குழைவுக்கு வைத்த கெயினில் பாட்டி கத்தியபோது அலைவடிவத்தின் உச்சி கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிவிட்டது. டிஜிட்டல் பதிவில் அப்படிச் சீவப்பட்டது போனது போனதுதான். கரகரப்பு மட்டும் மிஞ்சும். அடுத்த முறை அவள் இயல்பாக என்ன செய்தாள் என்றால், நான்கு அடி பின்னால் போய் நின்று கத்தினாள். கரகரப்பு போய், பழைய குளியலறை திரும்பி வந்தது. மைக்கைவிட்டு விலகினால் அறை முன்னால் வந்துவிடும் என்ற கணக்கு கத்தும்போதும் மாறுவதில்லை.

அதனால் கத்தல்களை எல்லாம் தனியாகப் பிரித்துக் கடைசியில் வைத்துக்கொண்டோம். நிற்கும் இடம் ஒரு சாணிலிருந்து இரண்டு சாண் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்; மிச்சத்தைக் கெயினைக் குறைத்து ஈடுகட்ட வேண்டும். ஒத்திகையில் ஆகச் சத்தமான வசனத்தை உண்மையாகவே கத்திப் பார்த்து, அளவுமானி மைனஸ் 6ஐத் தாண்டாதபடி கெயினை வைப்பது பாதுகாப்பு. ஒத்திகையில் எல்லோரும் கூச்சப்பட்டு மெல்லக் கத்துவார்கள், பதிவில் எகிறிவிடுவார்கள். அதற்கும் கொஞ்சம் இடம் விட்டேன். தொண்டை கட்டினால் பிறகு நரி பேச முடியாது என்பதால்தான் கத்தல் கடைசியில்.

தமிழுக்கு இதில் ஒரு சின்னச் சலுகை உண்டு. ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் 'ப' ஓசை காற்றை ஊதிக்கொண்டு வரும், மைக்கில் 'டப்' என்று அடிக்கும். நம் 'ப' அவ்வளவு ஊதுவதில்லை. மெழுகுவத்தியை வாய்க்கு முன்னால் வைத்து "பாட்டி" என்று இயல்பாகச் சொல்லிப் பார்த்தால் தெரியும். உரக்க நடிக்கும்போது மட்டும் தமிழ் 'ப'வும் ஊதும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் உதட்டோரத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, முகம் வாயைப் பார்க்கும்படி திருப்பிவிட்டால் காற்று மைக்கைத் தாண்டிப் போய்விடும். அதுவும் போதாவிட்டால் எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் காலுறையை இழுத்துக் கட்டி நடுவில் வைக்கலாம்.

ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் எண்ணைச் சொல்லி, ஒரு வினாடி நிறுத்தி, மூன்று முறை. "நரி ஏழு" என்று தொடங்கி மூன்று விதமாக. நரியும் காகமும் ஒருவருடைய பேச்சில் ஒருவர் குறுக்கிட்டாலும் தனித்தனியாகவே பதிவு. சேர்ப்பதைப் பின்னால் கணினியில் செய்துகொள்ளலாம். காகத்துக்கு வாயில் வடையோடு முனகும் சத்தம் ஒன்று தேவைப்பட்டது. வாயைக் குவித்து நடித்துப் பார்த்தாள், சரிவரவில்லை. அடுக்களையிலிருந்து நிஜ மெதுவடை வந்தது. அதற்குத்தான் அதிக டேக் ஆயிற்று, ஏன் என்று நான் விசாரிக்கவில்லை. கடைசியில் யாரும் பேசாமல், அசையாமல் முப்பது வினாடி வெறும் அறையையும் பதிவுசெய்து வைத்தோம். வசனங்களுக்கு இடையே ஒட்டுப்போட அந்த வெறுமை வேண்டும். அதை வைத்துத்தான் இரைச்சலையும் கழிக்க முடியும்.

பதிவானது சுத்தமா என்பதை ஹெட்போனில், சொல் முடிகிற இடத்தில் கேட்க வேண்டும். சொல்லுக்குள் எல்லாப் பதிவும் நன்றாகவே கேட்கும். "பாட்டி" என்றதும் குரல் கத்தரித்தாற்போல் நிற்கிறதா, வால் ஒன்று இழுத்துக்கொண்டு தேய்கிறதா? அவளுடைய பழைய பதிவின் அலைவடிவத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஆப்பு மாதிரி ஒரு வால் சரிந்து இறங்கியது. புதியதில் சொல் முடிந்ததும் கோடு மெலிந்துவிட்டது. பேசாத இடத்தில் அளவுமானி மைனஸ் 50க்குக் கீழே கிடந்தால், பின்னால் பறவைச் சத்தமோ இசையோ வரப்போகிற கார்ட்டூனுக்கு அது போதும் என்பது என் அனுபவம். ஒலிநூல்காரர்கள் மைனஸ் 60 கேட்பார்கள், அங்கே மறைத்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, Noise Reduction வசதியை 6 முதல் 9 டெசிபெல் வரை மட்டும் கொடுத்தேன். பேராசைப்பட்டு இருபதுக்கு மேல் ஏற்றினால் குரல் தண்ணீருக்கடியில் பேசுவதுபோல் குமிழியிடும். லேசான இரைச்சலை ரசிகர்கள் மன்னிப்பார்கள், அந்தக் குமிழியை மன்னிப்பதில்லை.

வால் இழுக்கும் பதிவு காதோடு நிற்காமல் கண்ணையும் கெடுக்கும் என்பது கார்ட்டூனுக்கே உரிய சங்கதி. அவள் வாயசைவுக்கு ரூபார்ப் என்ற இலவச நிரலைப் பயன்படுத்துகிறாள். குரல் கோப்பைக் கொடுத்தால், எந்த நொடியில் வாய் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று எழுத்துகளாகப் பட்டியல் தரும்: ம, ப ஓசைக்கு மூடிய உதடு A, பேசாத நேரத்து ஓய்வு வாய் X என்று. அது வழக்கமாக ஆங்கிலத்தை எதிர்பார்க்கும். தமிழுக்கு ஒலியை மட்டும் பார்க்கிற முறையைக் கேட்டு வாங்க வேண்டும்.

```
rhubarb -r phonetic -o nari_07.txt nari_07.wav
```

பழைய பதிவில் நரி பேசி முடித்த பின்னும் எதிரொலியின் வாலைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு, X வர வேண்டிய இடங்களில் வாய் பாதி திறந்தே கிடந்தது. அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் திருத்தி ஓய்ந்திருந்தாள். மெத்தைக்கு முன்னால் பேசிய பதிவைக் கொடுத்தபோது வாய் ஒழுங்காக மூடிக்கொண்டது.

படம் முடிந்தது. மரத்தடிக் காட்சிக்கு எதிரொலி எதுவும் சேர்க்காமல், தூரத்துக் குயிலும் இலைச் சலசலப்பும் மட்டும் கலந்தோம். நரி மரத்தடியில் நின்றது. பாட்டியின் வசனம் ஒன்றில் மட்டும் பின்னணியில் மிக மெல்லிசாக ஒரு குக்கர் விசில் இருந்தது. எதிர்வீட்டில் யாரோ அன்றைக்குச் சீக்கிரம் எழுந்திருக்கிறார்கள். நடிப்பு அபாரமாக வந்திருந்த டேக் அது. இரண்டு பேரும் பேசி, இசைக்குள் அமுங்கிவிடும், ஒருவருக்கும் தெரியாது என்று அப்படியே விட்டுவிட்டோம்.

முதலில் போட்டுக் காட்டியது மாடிவீட்டில் இரண்டாம் வகுப்பு படிக்கிற பையனுக்கு. கடைசிவரை கண்கொட்டாமல் பார்த்தான். பிறகு கேட்டான்: "அக்கா, பாட்டி வடைதானே சுட்டாங்க? குக்கர்ல என்ன வச்சிருந்தாங்க?"

மறுநாள் நாலரைக்கு மெத்தையை மறுபடி நிமிர்த்தினோம்.